சம்பளக் கணக்கும் சேமிப்புக் கணக்குதான்

"டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. கையில் 24,000 வரும். படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காக ஊரில் எடுத்த சேவிங்ஸ் அக்கவுண்ட் ஒன்று இருக்கிறது. ஹெச்.ஆர். வேறு பேங்கில் சேலரி அக்கவுண்ட் எடுக்கணும் என்கிறார்கள். கூடச் சேர்ந்த பையன் கரண்ட் அக்கவுண்ட்தான் நல்லது, அதில் லிமிட்டே கிடையாது என்கிறான். மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? நான் எதை எடுப்பது?"

தம்பி, ஹெச்.ஆர். சொல்கிற சம்பளக் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை மூடாதீர்கள். கரண்ட் அக்கவுண்ட் இப்போது உங்களுக்கு வேண்டாம். பதில் இவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது கணக்கைத் திறக்கும்போது தெரியாது, வேலையை விடும்போதுதான் தெரியும். இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வங்கிக் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் நான். முதல் வேலைக்காரர்கள் முகம் வாடி வந்து நின்றதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு விஷயத்துக்காகத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கரண்ட் அக்கவுண்ட்டை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழில் நடப்புக் கணக்கு என்பார்கள். ஓசூரில் ரோஜாப்பூ வாங்கி விற்கிற ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் விவசாயிகளுக்குப் பணம் போகிறது, மதியம் பெங்களூரிலிருந்து பணம் வருகிறது, லாரி வாடகைக்கு ஒரு காசோலை, ஆட்களுக்குக் கூலியாக ரொக்கம். ஒரே நாளில் நாற்பது ஐம்பது வரவு செலவு. கணக்கில் பணம் தீர்ந்துவிட்டாலும் மறுநாள் வரும் என்ற நம்பிக்கையில் வங்கி ஓவர்டிராஃப்ட் கொடுத்து அந்தக் காசோலையைப் பாஸ் செய்யும். இந்த ஓட்டத்துக்காக உருவானதுதான் நடப்புக் கணக்கு. அதில் கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குறைந்தபட்ச இருப்பு சேமிப்புக் கணக்கைவிட அதிகம் கேட்பார்கள். திறக்கும்போது ஜி.எஸ்.டி. பதிவோ கடை உரிமமோ, தொழில் நடக்கிறது என்பதற்கு ஏதாவது ஒரு சான்று வேண்டும். மாதம் ஒரு தடவை வருமானம் வருகிற உங்களுக்கு இதில் என்ன லாபம்?

உங்கள் நண்பர் சொல்கிற "லிமிட்" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்குகளில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்தது. நடப்புக் கணக்குக்கு அந்த வரம்பு 50 லட்சம். அதுவே வாய் மாறி வாய் மாறி "சேவிங்ஸில் லிமிட் உண்டு, கரண்ட்டில் கிடையாது" என்று ஆகிவிட்டது. இது ரொக்கத்துக்கான கணக்கு. உங்கள் சம்பளம் ரொக்கமாக வரப்போவதில்லை. அவர் யு.பி.ஐ.யை நினைத்துச் சொல்லியிருந்தாலும், ஆளுக்கு ஆள் அனுப்ப ஒரு நாளைக்கு ஒரு லட்சம் என்ற பொதுவான வரம்பு 24,000 சம்பளக்காரருக்கு எந்த ஊரில் தடையாகும்? பிறகு எப்போதாவது சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்தால் அப்போது கரண்ட் அக்கவுண்ட் பற்றிப் பேசுவோம்.

சரி, மீதி இருப்பது இரண்டு. உண்மையில் அது இரண்டுகூட இல்லை.

வங்கியின் கம்ப்யூட்டரில் சம்பளக் கணக்கு என்பது சேமிப்புக் கணக்கேதான். வட்டி அதே விகிதம், பாஸ்புக் அதே பாஸ்புக். ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளே ஒரு திட்டக் குறியீடு இருக்கும். சாதாரண சேமிப்புக்கு ஒன்று, மாணவர் கணக்குக்கு ஒன்று, சம்பளக் கணக்குக்கு ஒன்று. உங்கள் கணக்கில் சம்பளத்துக்கான குறியீடு இருக்கும் வரை குறைந்தபட்ச இருப்பு கேட்க மாட்டார்கள். கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இருக்காது அல்லது குறையும், விபத்துக் காப்பீடு ஒன்று கூடவே வரும், காசோலைப் புத்தகம் இலவசமாகக் கிடைக்கலாம். குறியீடு மாறிய மறுநாள் இதெல்லாம் போய்விடும். கணக்கு எண் அப்படியே இருக்கும், நீங்களும் அப்படியே இருப்பீர்கள், ஆனால் விதிகள் வேறாகியிருக்கும்.

வங்கி இதையெல்லாம் ஏன் சும்மா கொடுக்கிறது? உங்கள் கம்பெனியில் 400 பேர், ஆளுக்கு 24,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் 96 லட்சம் ஒரே வாசல் வழியாக அந்த வங்கிக்குள் வருகிறது. பெரிய வங்கிகள் இப்போது சேமிப்புக் கணக்குக்குக் கொடுக்கிற வட்டி பெரும்பாலும் 2.5 சதவீதத்தை ஒட்டித்தான். அதே பணத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டாக வாங்கினால் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். அதுபோக, உங்கள் வருமானம் எவ்வளவு, எந்தத் தேதியில் வருகிறது என்று வங்கிக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும். ஆறு மாதம் போனால் கடன், கிரெடிட் கார்டு என்று போன் வரத் தொடங்குவது அதனால்தான். கணக்குத் திறக்க டேப்லெட்டோடு கம்பெனிக்கு வருகிற பையன் ஒரு காப்பீட்டுப் பாலிசிப் படிவத்தையும் சேர்த்து நீட்டக்கூடும். கணக்குத் திறக்கப் பாலிசி எடுத்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பிரீமியம் என்ற சொல் எந்தத் தாளில் இருந்தாலும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி சேமிப்புக் கணக்கின் குறைந்தபட்ச இருப்பு. இதைப் புரிந்துகொண்டால் முக்கால் பங்கு விஷயம் புரிந்த மாதிரி. ஒரு தனியார் வங்கி 10,000 கேட்கிறது என்றால், தினமும் 10,000 கணக்கில் கிடக்க வேண்டும் என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் பார்ப்பது மாதச் சராசரியைத்தான். ஒவ்வொரு நாளும் இரவில் கணக்கில் மிச்சம் இருப்பதை எல்லாம் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். உங்கள் சம்பளத்தையே போட்டுப் பார்ப்போம். ஒன்றாம் தேதி 24,000 வருகிறது. ஐந்து நாள் தொடவில்லை, அது 1,20,000. பிறகு வாடகைக்கும் வீட்டுக்கும் 12,000 போகிறது, மிச்சம் 12,000 பத்து நாள் இருக்கிறது. அதுவும் 1,20,000. அப்புறம் மெஸ், பஸ், ரீசார்ஜ் எல்லாம் போய் கடைசிப் பதினைந்து நாளும் 4,000தான், அது 60,000. கூட்டினால் மூன்று லட்சம். முப்பதால் வகுத்தால் சரியாக 10,000. மாதக் கடைசியில் நாலாயிரத்தோடு நின்றாலும் நீங்கள் விதியை மீறவில்லை. சம்பளம் வருகிற வரைக்கும் இந்தச் சராசரி தானாகவே பெரும்பாலும் சரியாகிவிடும். சம்பளம் நின்றால்தான் பிரச்சினை.

வட்டியும் இப்படி தினசரி இருப்பின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. 2010 ஏப்ரலுக்கு முன் பத்தாம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் எது குறைந்த தொகையோ அதற்குத்தான் வட்டி. மேலே சொன்ன மாதத்தில் நாலாயிரத்துக்குத்தான் கிடைத்திருக்கும். இப்போது சராசரி பத்தாயிரத்துக்கும் கிடைக்கும். ஆனாலும் 2.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 250 ரூபாய், மூன்று மாதத்துக்கு அறுபது சொச்சம். கூடுதல் வட்டி தருகிற சிறு நிதி வங்கிகள் இருக்கின்றன. அங்கே போனாலும் இந்தத் தொகைக்கு ஒரு பிரியாணிக் காசுதான் வித்தியாசம் வரும். அதனால் வட்டியைப் பார்த்துக் கணக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது எந்தக் கணக்கு உங்களிடமிருந்து எவ்வளவு பிடிக்கும் என்பதை.

அந்தப் பிடித்தத்துக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு உதாரணம் உண்டு. என் அக்கா மகன் முதல் வேலையை ஒன்றரை வருடத்தில் விட்டான். புதுக் கம்பெனி வேறொரு வங்கியில் கணக்குத் திறந்து கொடுத்தது. பழைய கணக்கில் 3,400 ரூபாய் கிடந்தது. "இருக்கட்டும் மாமா, அவசரத்துக்கு ஆகும்" என்றான். வங்கியில் இருந்தவன் நான், எனக்கும் அப்போது உறைக்கவில்லை. தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வராததால் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறிவிட்டது. மூன்று மாதம் என்பது பரவலான வழக்கம், சில வங்கிகளில் கொஞ்சம் முன்பின் இருக்கும். மாறியதும் சராசரி 10,000 வேண்டும் என்ற விதி வந்தது. வங்கி எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அனுப்பத்தான் செய்தது. அது போனது கம்பெனி கொடுத்திருந்த சிம்முக்கு. அவன் அந்த சிம்மைத் திருப்பிக் கொடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அந்த வங்கியின் கட்டணம், எவ்வளவு குறைகிறதோ அதில் 6 சதவீதம், அதிகபட்சம் 500, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. முதல் மாதம் குறை 6,600, அதில் 6 சதவீதம் 396, வரியோடு 467 ரூபாய். மிச்சம் 2,933. பணம் குறைந்ததால் அடுத்த மாதம் பற்றாக்குறை இன்னும் கூடியது, கட்டணமும் கூடியது, ரவுண்டாக 500. மூன்றாம் மாதம் 536, நான்காம் மாதம் 574. அதன் பிறகு உச்சவரம்பான 500ஐத் தொட்டு வரியோடு 590. ஆறு மாதத்தில் கணக்கில் எஞ்சியது 143 ரூபாய். ஏழாம் மாதம் அதுவும் போய்விட்டது. 3,400 ரூபாயில் ஒரு ரூபாய்கூட அவன் செலவழிக்கவில்லை.

இதில் வங்கி விதியை மீறிவிட்டது என்று சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பது இதுதான்: இருப்பு குறைந்தால் முதலில் தெரிவிக்க வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும், கட்டணம் எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப இருக்க வேண்டும், இந்தக் கட்டணத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகக் கூடாது. கடைசி வரியைப் பலர் அறிவதில்லை. பூஜ்யத்துக்கு வந்த கணக்கில் "மைனஸ் இரண்டாயிரம், கட்டினால்தான் மூடுவோம்" என்று யாராவது சொன்னால், அது எந்தக் கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள். இருப்புக் குறைவுக்கானது என்றால் ரிசர்வ் வங்கியின் அந்த விதியைச் சொல்லி நீக்கச் சொல்லலாம்.

இன்னொரு வகையிலும் குறியீடு போகும், வேலையில் இருக்கும்போதே. கம்பெனி சம்பளத்தைப் போடும் கோப்பில் அது சம்பளம் என்ற அடையாளத்தோடு வந்தால்தான் வங்கி மென்பொருள் அதைச் சம்பளமாக எடுத்துக்கொள்ளும். சின்னக் கம்பெனிகளில், ஒப்பந்தக்காரர் மூலம் போகிற வேலைகளில், முதலாளி தன் மொபைலிலிருந்து சாதாரண நெஃப்ட்டாக அனுப்பிவிடுவார். உங்களுக்குப் பணம் வந்துவிடும், வங்கிக்கு மட்டும் அது யாரோ அனுப்பிய பணம். மூன்று மாதத்தில் கணக்கு மாறிவிடும். கண்டுபிடிப்பது சுலபம். முதல் சம்பளம் விழுந்ததும் ஆப்பில் ஸ்டேட்மெண்ட்டைத் திறந்து அந்த வரியின் விவரத்தைப் பாருங்கள். SALARY என்றோ SAL என்றோ இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வெறும் NEFT என்றும் ஒரு பெயரும் மட்டும் இருந்தால் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கணக்கு எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று ஆப்பில் கணக்கு விவரப் பக்கத்திலும் காட்டுவார்கள்.

இப்போது உங்கள் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். என் கண்ணில் உங்களுக்கு இரண்டில் முக்கியமானது அதுதான். சம்பளக் கணக்கு கம்பெனி மாறினால் மாறும். முதல் ஐந்து வருடத்தில் மூன்று கம்பெனி மாறினால் மூன்று சம்பளக் கணக்கு வரும். ஊர்க் கணக்கு எங்கேயும் போகாது. அது அரசு வங்கி என்றால் இருப்புத் தொல்லையும் அநேகமாக இருக்காது. ஸ்டேட் வங்கி 2020இல் குறைந்தபட்ச இருப்பை எடுத்துவிட்டது. 2025இல் கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி என்று வரிசையாக எடுத்தார்கள்.

ஆனால் ஸ்காலர்ஷிப்புக்காக எடுத்த கணக்கில் இரண்டு விஷயங்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒன்று, எடுக்கும்போது உங்களுக்குப் பதினெட்டு வயது ஆகியிருந்ததா? இல்லையென்றால் அதில் பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ காப்பாளராக இருப்பார். நீங்கள் மேஜரானதும் உங்கள் கையெழுத்து, ஆதார், பான் எல்லாம் கொடுத்து மாற்றியிருக்க வேண்டும். மாற்றாவிட்டால் பணம் உள்ளே வரும், எடுக்கப் போகும்போது நிற்கும். இரண்டு, இரண்டு வருடம் நீங்களாக எந்த வரவும் செலவும் செய்யாமல் விட்டிருந்தால் அது செயல்படாத கணக்கு என்று ஆகியிருக்கும். வங்கி போட்ட வட்டி இதில் சேர்த்தியில்லை. ஆதாரோடு போய் மறுபடி உயிர்ப்பித்துக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. போன கையோடு மொபைல் எண்ணை உங்கள் சொந்த எண்ணாக மாற்றி, நியமனதாரர் பெயரையும் போட்டுவிடுங்கள்.

ஹெச்.ஆர். சொல்கிற வங்கியும் உங்கள் ஊர்க் கணக்கு இருக்கிற வங்கியும் ஒன்றாகவே இருந்தால் புதுக் கணக்கு வேண்டியதே இல்லை. பணி நியமனக் கடிதத்தைக் காட்டி, இருக்கிற கணக்கையே சம்பளத் திட்டத்துக்கு மாற்றித் தரச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தால் போதும். வேறு வங்கியாக இருந்தால், "என்னிடம் கணக்கு இருக்கிறதே, அதில் போட முடியுமா" என்று ஹெச்.ஆரிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். வேறு வங்கிக்கு அனுப்பினால் தாமதமாகும் என்பது பழைய காலப் பேச்சு. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது. ஆனால் 400 பேரை ஒரே கோப்பில் ஏற்றுகிறவர்களுக்கு ஒருவர் மட்டும் தனியாக இருப்பது தலைவலி. புதிதாகச் சேர்ந்த வாரத்தில் அதற்காக மல்லுக்கு நிற்க வேண்டாம், திறந்துகொள்ளுங்கள்.

திறக்கும் முறையில் ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனிக்கு ஆள் வந்து விரல் ரேகை வைத்தோ, கிளையில் நேரிலோ, வீடியோ அழைப்பிலோ சரிபார்த்துத் திறந்தால் முழு கே.ஒய்.சி. ஆகிவிடும். அப்படியில்லாமல், ஆப்பை இறக்கி ஆதாருக்கு வரும் ஓ.டி.பி.யை மட்டும் போட்டுத் திறந்த கணக்கு அரைகுறைக் கணக்கு. அதில் இருப்பு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டில் மொத்த வரவு இரண்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஒரு வருடத்துக்குள் முழு கே.ஒய்.சி. முடிக்க வேண்டும். உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜூனில் சேர்ந்து மாதக் கடைசியில் சம்பளம் வாங்கினால், ஜனவரி வரை எட்டுச் சம்பளம், 1,92,000. பிப்ரவரிச் சம்பளம் வந்து முட்டி நிற்கும். அறை நண்பர்கள் வாடகைப் பங்கை உங்களுக்கு ஜி.பே.யில் அனுப்பியிருந்தால் அதற்கும் முன்னாலேயே நிற்கும். நடுவில் "கே.ஒய்.சி. முடியவில்லை" என்று வரும் செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிட்டவர்கள்தான் இதில் மாட்டுவது. அதே சமயம் அந்தச் செய்தியில் லிங்க் இருந்தால் அழுத்தாதீர்கள், மோசடிக்காரர்களும் இதே வசனத்தைத்தான் அனுப்புகிறார்கள். வங்கியின் ஆப்புக்குள் போய்ப் பாருங்கள், இல்லை கிளைக்குப் போங்கள்.

படிவத்தில் "ஆதாரை அரசு மானியத்துக்காக இந்தக் கணக்கோடு இணைக்கவா" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை யோசிக்காமல் டிக் அடித்தால், ஆதார் வழியாக வருகிற அரசுப் பணம் இனி இந்தப் புதுக் கணக்குக்கு வரும். ஏதாவது ஒரு வங்கியில்தான் அந்த இணைப்பு இருக்க முடியும், கடைசியாக எதில் இணைத்தீர்களோ அதுதான் செல்லும். கட்டத்தை விட்டுவிடுங்கள், ஊர்க் கணக்கிலேயே இருக்கட்டும்.

இனி இரண்டு கணக்கையும் எப்படி ஓட்டுவது. நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னதையே சொல்கிறேன். சம்பளக் கணக்கை மாதச் செலவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, மெஸ், யு.பி.ஐ. எல்லாம் அதிலிருந்தே போகட்டும். சம்பளம் ஒன்றாம் தேதி என்றால் மூன்றாம் தேதி தானாக ஒரு தொகை ஊர்க் கணக்குக்குப் போகும்படி ஆப்பில் போட்டுவிடுங்கள், 6,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் இடைவெளி எதற்கென்றால், ஒரு மாதம் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனாலும் அந்த உத்தரவு வெறும் கையோடு திரும்பாது. வருடக்கணக்கில் ஓட வேண்டிய எதையும் ஊர்க் கணக்கோடு கட்டுங்கள். எல்.ஐ.சி. பிரீமியம், எஸ்.ஐ.பி., வருமான வரி ரீஃபண்ட், பி.எஃப். எல்லாமே. பைக் கடன் எடுத்தால் அந்த ஈ.எம்.ஐ.யும் அப்படித்தான், தவணைத் தேதிக்கு முன்னால் பணம் அங்கே போய்ச் சேரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சம்பளக் கணக்கில் வைத்தவர்கள் வேலை மாறும்போது படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். புதுச் சம்பளம் புதுக் கணக்கில் விழும், ஈ.எம்.ஐ. பழைய கணக்கைத் தட்டும், அங்கே பணம் இருக்காது. வங்கி ஒரு பவுன்ஸ் கட்டணம் போடும், கடன் கொடுத்தவன் ஒரு அபராதம் போடுவான், சிபில் ஸ்கோரில் ஒரு கறையும் விழும். வங்கியில் ஒரு ஆட்டோ டெபிட் உத்தரவை மாற்ற வாரக் கணக்கில் ஆகலாம். அதற்குள் அடுத்த தவணை வந்துவிடும்.

பி.எஃப்.பில் மட்டும் ஒரு திருத்தம். ஹெச்.ஆர். உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான யூ.ஏ.என்.னோடு தாங்களாகவே சம்பளக் கணக்கை இணைத்துவிடுவது வழக்கம். சேரும்போதே ஊர்க் கணக்கின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் ரத்து செய்த காசோலை ஒன்றையும் கொடுத்து, பி.எஃப்.புக்கு இதைப் போடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பிறகு நீங்களே பி.எஃப். தளத்தில் மாற்றிக்கொள்ளலாம். மறந்து, பழைய சம்பளக் கணக்கை மூடிவிட்டுப் பி.எஃப். பணத்துக்கு விண்ணப்பித்தால் பணம் போய்ச் சேராமல் திரும்பிவிடும்.

கூடவே வரும் விபத்துக் காப்பீட்டைப் பற்றி ஒரு வரி. அது நிஜமானதுதான், ஆனால் நிபந்தனையோடு வருவது. சில கார்டுகளில் விபத்துக்கு முந்தைய 30 நாளுக்குள், சிலவற்றில் 90 நாளுக்குள், ஒரு முறையாவது கார்டைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். யு.பி.ஐ.யிலேயே வாழ்கிறவர்கள் கார்டை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். மாதம் ஒரு தடவையாவது அந்தக் கார்டையே பயன்படுத்துங்கள். இப்படி ஒரு காப்பீடு இருப்பதை வீட்டிலும் சொல்லி வையுங்கள், அவர்களுக்குத் தெரியாவிட்டால் யார் போய்க் கேட்பது?

கடைசியாக, வேலையை விடும் நாள். பழைய சம்பளக் கணக்கைக் கடைசி வேலை நாளன்றே போய் மூடாதீர்கள். கடைசிக் கணக்குத் தீர்ப்பு, விடுப்புக்கான பணம், பாக்கி இன்சென்டிவ் எல்லாம் பெரும்பாலான கம்பெனிகளில் பிறகுதான் வரும், அதுவும் பழைய கணக்குக்குத்தான் வரும். மூன்று மாதம் என்ற கெடு உங்களுக்கு இங்கே உதவும், அதற்குள் பணம் வந்துவிடும். வந்ததும் அந்தக் கணக்கில் என்னென்ன ஆட்டோ டெபிட் ஓடுகிறது என்று ஆப்பில் பார்த்து ஒவ்வொன்றையும் நிறுத்துங்கள். கணக்குத் திறந்த நாளிலிருந்து ஸ்டேட்மெண்ட்டை பி.டி.எஃப்.பாக இறக்கி மெயிலில் போட்டு வையுங்கள். வீட்டுக் கடனுக்கோ விசாவுக்கோ கேட்கும்போது, மூடிய கணக்கின் ஸ்டேட்மெண்ட்டுக்காகக் கிளைக்கு அலைவது பெரிய பாடு. திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தால் மூடுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இருக்காது. கார்டையும் மிச்சக் காசோலைகளையும் கிளையில் கொடுத்து, மூடியதற்கு முத்திரை வைத்த ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் அக்கா மகன் இரண்டாவது கம்பெனியை விட்டபோது இதை ஒழுங்காகச் செய்தான்.